அப்பாவின் கோப முகங்கள்

அப்பா இறந்த செய்தியை என் சமூக வலைதளப் பக்கத்தில் ஒரே வரியில் போட்டேன். கண்ணீர் முகங்கள் வரத் தொடங்கின. நடுவே ஒரே ஒரு கோப முகம். சிவந்த கன்னம், நெரித்த புருவம். போட்டவர் என் மாமா. அம்மாவின் தம்பி.

சொந்தக்காரர்கள் வரிசையாக என்னைக் கூப்பிட்டார்கள். "உங்க மாமாவுக்கு விரல் தவறிடுச்சா? எடுக்கச் சொல்லு, பார்க்கவே நல்லா இல்ல" என்றார்கள். ஒருவர், "பழைய பகையை இப்பவா காட்டுறது?" என்றே கேட்டுவிட்டார்.

விரல் தவறவில்லை. பகையும் இல்லை. அன்று வந்த எல்லா முகங்களிலும் அப்பாவுக்குப் புரிந்திருக்கக்கூடியது அது ஒன்றுதான். அதைச் சொல்ல வேண்டுமானால் லிஃப்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுவதும் ஒரே கூட்டாளியோடு வேலை பார்த்தார். அப்பா மேலே, மோட்டார் இருக்கும் அறையில். கூட்டாளி கீழே, லிஃப்ட் வந்து இறங்கும் குழியில். இருவருக்கும் நடுவில் ஒரு கட்டடத்தின் உயரம். லிஃப்ட் ஏறி இறங்கும் பாதைக்குள் போன் சரியாக எடுக்காது. அதனால் கத்தித்தான் பேசுவார்கள். "டேய் குழி, விடவா?" என்று மேலிருந்து கேட்கும். "விடுடா மாடி!" என்று கீழிருந்து வரும். அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. குழி மாமாவின் நிஜப் பெயரை நான் அவருடைய மகன் கல்யாணப் பத்திரிகையில்தான் முதலில் படித்தேன். யாரோ வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்களுக்குள் ஒரு வேலை ஒழுக்கம் உண்டு. கீழிருந்து பதில் வராவிட்டால் மேலே இருப்பவர் எதையும் தொடக்கூடாது. மௌனம் என்றால் ஆபத்து. ஆள் மயங்கிக் கிடக்கலாம், கை மாட்டியிருக்கலாம். வேலையில் அப்பா இதை ஒருநாளும் மீறியதில்லை. போனில்தான் மீறினார்.

இருவரும் ஓய்வு பெற்றார்கள். குழி மாமா மகன் வீட்டுக்கு, தூரத்து நகரத்துக்குப் போய்விட்டார். அங்கே அவருக்குப் பொழுது போகவில்லை. ஏறுகிற லிஃப்டையெல்லாம் படம் எடுத்துப் போட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி லிஃப்ட், துணிக்கடை லிஃப்ட், கண்ணாடி லிஃப்ட். கீழே ஒரு வரி இருக்கும். "கதவு மூடும்போது இருமுகிறது." "நல்ல மோட்டார், கெட்ட பராமரிப்பு." அப்பா அவற்றைப் பார்ப்பார். ஒரு கணம் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார். எதையும் அமுக்க மாட்டார்.

"ஒரு லைக்காவது போடலாம்ல?" என்று அம்மா கேட்டிருக்கிறார்.

"அவன் படம் எனக்குப் பிடிக்கும்னு அவனுக்குத் தெரியாதா? அதுக்கு நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டணுமா? நாங்க என்ன புதுசா பழகுறவங்களா?"

அம்மாவின் தம்பியான மாமாவின் கதை வேறு. மாமா தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிறவர். தினமும் காலையில் ஊருக்கு அறிவுரை எழுதுவார். "வெற்றி உன் கதவைத் தட்டும், நீ விழித்திரு" என்பது போல. கூடவே தன்னுடைய படம், கையைக் கட்டிக்கொண்டு, கூலிங் கிளாஸோடு. அப்பாவுக்கு இது தொண்டையில் முள். மூன்று வேலை மாறி, மூன்றிலும் காலை பத்து மணிக்கு மேல் எழுந்தவர் விழித்திருக்கச் சொல்வதை அவரால் பொறுக்க முடியவில்லை.

லைக் பட்டனை அமுக்கிப் பிடித்தால் முகங்கள் எழும்பி வரும் என்று அப்பா எப்படியோ கண்டுபிடித்தார். அதில் கோப முகத்தைப் பார்த்ததும் தனக்காகவே வைத்தது என்று முடிவு செய்தார். அன்றிலிருந்து மாமாவின் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கோப முகம். கடுப்பு அதிகமான நாட்களில் கீழே ஒரு கருத்து. "எழுந்தது எத்தனை மணிக்கு?" என்று.

அவருடைய கணக்கு எளிமையானது. பிடித்தவனுக்கு எதுவும் தேவையில்லை. பிடிக்காததைக் கம்பெனிக்குச் சொன்னால் போதும், புகார் போல. நிறுத்திவிடுவார்கள்.

நிறுத்தவில்லை. திறந்தால் முதலில் மாமா. கொஞ்சம் தள்ளினால் மீண்டும் மாமா. மாமா ஒரு மாதத்துக்கு முன் போட்டதும் வந்தது. குழி மாமா மெல்ல மெல்ல அடியில் போய், பிறகு வரவே இல்லை.

நான் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பாட்டு மேசையில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். முகம் சரியில்லை. அவர் அவ்வப்போது போகும் டீக்கடை பழைய அலுவலகத்துக்கு எதிரே இருக்கிறது. அந்தக் கடையை நடத்துகிற அக்கா அன்று காலை கேட்டிருக்கிறார்: "ஏன் அண்ணே, போன வியாழக்கிழமை வரல? உங்க கூட்டாளி வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாரே. போன்ல போட்டிருக்கேன், பார்த்துட்டு வருவான்னு சொன்னாரு. கடைசியில போனை எடுத்துப் பார்த்தாரு. உங்க மச்சானுக்கு நீங்க அப்பதான் ஏதோ எழுதியிருந்தீங்களாம். 'அவனுக்கு மச்சான் போதும்'னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு."

"அவன் எங்க போட்டான்? எனக்கு வரவே இல்லையே" என்றார் அப்பா என்னிடம். "எனக்குத் தெரியாம மறைச்சு வச்சிருக்கான். மத்தவங்களுக்கு மட்டும் காட்டுறான். நான் அவனுக்கு என்ன பண்ணேன்?"

"போன் போட்டுக் கேளுங்கப்பா."

"மறைச்சது அவன். நான் ஏன் கூப்பிடணும்?"

"அவரும் இதையேதான் நினைச்சிட்டு உட்கார்ந்திருப்பாரு" என்றார் அம்மா அடுப்படியிலிருந்து. "ரெண்டும் ரெண்டு கட்டை."

 அப்பா தட்டில் இருந்ததைத் தொடவில்லை. நாற்பது வருடம் ஒருவர் குரலை நம்பி இன்னொருவர் கம்பியைத் தளர்த்தியவர்கள். அது போய்விட்டது என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார். எனக்கு அது தெரிந்தது.

என் வேலை இது சம்பந்தப்பட்டதுதான். வேறு நிறுவனம், வீடியோக்கள். யாருக்கு எதை முதலில் காட்டுவது என்று வரிசைப்படுத்தும் குழுவில் இருக்கிறேன். அப்பா அதுவரை என் வேலையை "கம்ப்யூட்டர்" என்று மட்டுமே வெளியில் சொல்லி வந்தார். போனைக் கேட்டேன். கொடுத்தார்.

முதலில் குழி மாமாவின் பெயரைத் தேடி அவருடைய பக்கத்தைத் திறந்தேன். எதுவும் மறைக்கப்படவில்லை. வரிசையாக லிஃப்டுகள். வியாழக்கிழமைப் பதிவும் இருந்தது. "ஊருக்கு வர்றேன். பழைய இடத்துல இருப்பேன். பார்க்கிறவன் வரட்டும்."

அப்பா அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். "அப்ப எனக்கு ஏன் வரல?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

மாமாவின் பதிவு ஒன்றின் மூலையில் இருந்த புள்ளிகளைத் தொட்டேன். 'இதை ஏன் பார்க்கிறேன்?' என்று ஒரு வரி இருக்கும். திறந்து அவரிடமே கொடுத்தேன். இவருடைய பதிவுகளுக்கு நீங்கள் மற்றவர்களுடையதைவிட அதிகமாகக் கருத்து எழுதுகிறீர்கள் என்று அதில் இருந்தது.

"திட்டி எழுதியிருக்கேன் பாப்பா!"

"எழுதினீங்க. நின்னு படிச்சீங்க, முகம் போட்டீங்க. அதைத்தான் அது பார்க்குது."

"கோப முகம். கோபம். ஒரு குழந்தைகிட்ட காட்டினாக்கூடப் புரியும்."

"லிஃப்ட் பட்டனைக் கோபத்துல குத்தினா லிஃப்ட் வராம போயிடுமா?"

அப்பா யோசித்தார். "வரும்" என்றார். "ஆனா பட்டன் சீக்கிரம் போயிடும்."

பிறகு முழுதாகச் சொன்னேன். நண்பர்கள் போடும் ஒவ்வொரு பதிவுக்கும் அது ஒரு கணிப்பு போடுகிறது. இந்த மனிதர் இதில் நிற்பாரா, ஏதாவது அமுக்குவாரா, எழுதுவாரா, மறைப்பாரா. ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை. கூட்டி, பெரியதை மேலே வைக்கும். கணிப்புக்கு அடிப்படை, இதுவரை யாரிடம் என்ன செய்தோம் என்பது.

"முகத்துக்கும் கட்டைவிரலுக்கும் எடை ஒண்ணா?"

"கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வருஷத்துக்கு வருஷமும் மாறும். ஒரு இடத்துல ஒரு காலத்துல எல்லா முகத்துக்கும் லைக்கைவிடப் பல மடங்கு எடை கொடுத்தாங்க. அமுக்கிப் பிடிச்சுத் தேர்ந்தெடுக்கிறீங்க, அது ஒரு மெனக்கெடல், அதனால. கோபத்தைக் கிளப்புறது மேல வந்துட்டே இருக்குன்னு அப்புறம் கோப முகத்தோட எடையை மட்டும் குறைச்சாங்க. இன்னைக்கு உங்க போன்ல எவ்வளவுன்னு வெளியில இருக்கிற யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

"அப்ப கோபத்துக்கு எடை குறைஞ்சா மச்சான் போயிருக்கணுமே?"

"முகம் மட்டும்னா ஒருவேளை குறைஞ்சிருக்கும். நீங்கதான் கீழ கட்டுரை எழுதுறீங்களே. கருத்துக்குப் பொதுவா எடை ஜாஸ்தி. ஒண்ணு மட்டும் நிச்சயம். கோப முகம்னா 'இதைக் காட்டாதே'ன்னு அர்த்தம் இல்ல. காட்டாதேன்னு சொல்ல வேற பட்டன் இருக்கு, மறைக்கிறது, கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்கிறது. நீங்க அதைத் தொட்டதே இல்ல."

"குழிக்கு நான் எதுவும் பண்ணலையே. கெட்டதும் பண்ணல."

"எதுவும் பண்ணல. அதுதான். பிடிக்கலைன்னு அது நினைக்கல. இவர் இதுல எதுவும் செய்யமாட்டார்னு கணிச்சுது. சரியாத்தான் கணிச்சுது."

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். "ஆக, திட்டினாலும் ஓட்டு, வாழ்த்தினாலும் ஓட்டு. பேசாம இருந்தா செத்தவன்" என்றார். பிறகு, தனக்குள் சொல்வது போல, "கீழேருந்து குரல் வரலைன்னா நான் மோட்டாரைத் தொடமாட்டேன். அவனுக்கு மேலேருந்து குரலே போகலையே" என்றார்.

"இப்பவாவது போன் போடுங்க" என்றேன்.

போடவில்லை. பிரச்சினை எதில் வந்ததோ அதில்தான் சரி செய்ய வேண்டும் என்பது அவருடைய மெக்கானிக் மூளை. "எடை ஜாஸ்தியானது எது? இதயமா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். "தெரியாதுப்பா, கருத்து எழுதுறதுதான்..." என்று நான் முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டார். எழுதுவது அவருக்கு மாமாவைத் திட்டுவதற்கு மட்டும்தான் வரும்.

மறுநாள் காலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தார். குழி மாமாவின் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பதிவாக அமுக்கிப் பிடித்து, இதயத்தைத் தேடி, விட்டார். அவருடைய கட்டைவிரல் ஸ்பேனர் பிடித்துத் தடித்தது. பாதி முறை இதயத்துக்குப் பதிலாகச் சிரிப்பு முகம் விழுந்தது. திட்டிக்கொண்டே அதை எடுத்துவிட்டு மறுபடி போட்டார். வருடங்களைக் கடந்து போனார். அம்மா காபியைக் கொண்டு வைத்தார். ஆறியது.

"என்னங்க பண்றீங்க?"

"சர்வீஸ்."

மதியம் போன் அடித்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். அவருக்குக் காது மந்தம், மோட்டார் அறை கொடுத்தது. மறுமுனையில் இருப்பவருக்கும் அப்படியே. அதனால் அடுத்து நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டார்கள்.

"டேய் மாடி! உனக்கு மூளை கலங்கிடுச்சா?"

"ஏன்டா குழி?"

"பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருக்கேன். பையில போன் டிங் டிங் டிங்னு அடிக்குது. அந்தாளு ஊசியைக் கையில வச்சிட்டு முறைக்கிறான். யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு எடுத்துப் பார்த்தா, நீ! என் பொண்டாட்டி கால் உடைஞ்சு கிடக்கிற போட்டோவுக்கு இதயம் போட்டிருக்க!"

அப்பா கொஞ்சம் தடுமாறினார். "கட்டு நல்லா போட்டிருந்தாங்க" என்றார்.

"என் ஸ்கூட்டர் திருட்டுப் போனதுக்கும் போட்டிருக்க!"

"அந்த வண்டி உனக்கு வேண்டாம்னு அப்பவே சொன்னேன்."

"எங்கம்மா செத்ததுக்குமாடா?"

"அவங்களை எனக்குப் பிடிக்கும்டா" என்றார் அப்பா.

மறுமுனையில் சத்தம் இல்லை. அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் வரும்வரை அவர் எதையும் தொடவில்லை.

"வியாழக்கிழமை ஏன்டா வரல?"

"எனக்குக் காட்டலடா."

"யாரு காட்டல?"

"போனு. நான் உனக்கு ஒண்ணும் அமுக்கலையாம். அதனால உன்னைக் கீழ தள்ளிடுச்சு. பாப்பா சொன்னா, அவ வேலையே அதுதான்."

"மச்சானை மட்டும் காட்டுதா?"

"அவனைத் தினமும் திட்டினேன்ல. அதனால காட்டுது."

"அடப்பாவி! அப்ப என்னையும் திட்டியிருக்கலாமேடா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலானது. குழி மாமாவுக்கு மரத்துப்போன வாய், பாதிப் பேச்சு காற்றாக வந்தது. உள்ளே அம்மா என்னைப் பார்த்து, "ஒரு போன்ல முடிஞ்சிருக்க வேண்டியது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த மாதம் குழி மாமா வந்தார். டீக்கடையில் சந்தித்தார்கள். அதற்குள் அப்பாவின் போனில் அவர்தான் முதலில். அப்பாவே கருத்தும் எழுதப் பழகியிருந்தார். "கதவு இருமல. ரோலர் காய்ஞ்சிருக்கு. மடையா."

மாமாவை என்ன செய்வது என்று அப்பா கேட்டார். பட்டனைக் காட்டினேன். ஒரு மாதத்துக்கு ஒதுக்கி வைத்தார். வீட்டில் அமைதி நிலவியது.

இரண்டு வாரம் தாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டு மணிக்கே, மாமா வாசலில் நின்றார். கூலிங் கிளாஸ் இல்லை. கையில் பழப்பை.

"அக்கா, அத்தானுக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லையே. பேப்பர் படிச்சிட்டிருக்காரு."

மாமா உள்ளே வந்து அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "அத்தான், ஏன் என்னைக் கோவிச்சுக்கவே மாட்டேங்கிறீங்க?"

"என்னது?"

"ரெண்டு வாரமா தினமும் போட்டேன், ஒண்ணுக்கும் கோபம் வரல. 'சோம்பல் உன் எதிரி'ன்னுகூட போட்டேன் அத்தான். உங்களுக்காகத்தான் போட்டேன். அதுக்கும் வரல. ஆஸ்பத்திரியில இருப்பீங்கன்னு பயந்துட்டேன்."

"நான் கோபப்பட்டா உனக்கு என்னடா சந்தோஷம்?"

"மத்தவங்க எல்லாம் கட்டைவிரலைத் தட்டிட்டுப் போயிடுறாங்க அத்தான். படிக்கிறதே இல்ல. நீங்க ஒருத்தர்தான் கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டுக் கோபப்படுறீங்க."

அப்பா பேப்பரை மடித்தார்.  "எத்தனை மணிக்கு எழுந்த இன்னைக்கு?" என்றார்.

"ஆறு."

"எனக்காகவா?"

"ஆமா."

அப்பா போனை என்னிடம் நீட்டினார். ஒதுக்கி வைத்ததை எடுத்துவிடச் சொன்னார். மாமா உட்கார்ந்திருக்கும்போதே, அவருடைய எதிரிலேயே, எல்லாப் பதிவுகளுக்கும் கோப முகம் போட்டு முடித்தார். மாமாவின் பையில் போன் டிங் டிங் என்றது. மாமாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன்பின் அப்பாவின் போன் இரண்டே பேரால் நிரம்பியிருந்தது. ஒருவர் இதயத்தால் வந்தார், ஒருவர் கோபத்தால். இயந்திரத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். எடை கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். வித்தியாசம் தெரிந்தவர்கள் அந்த மூன்று பேர் மட்டும்.

அப்பாவுக்கு மாரடைப்பு. முன்பு வேலை பார்த்த கட்டடம் ஒன்றில், படிக்கட்டில். லிஃப்டில் போயிருக்கலாம். பழுது பார்க்க நிறுத்தியிருந்தார்களாம். யார் பார்த்த பழுது என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

குழி மாமா என் பதிவுக்கு எதையும் போடவில்லை. பேருந்து பிடித்து நேரே வந்தார். எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஏறி எங்கள் மாடியில் இறங்கினார். உடனே வீட்டுக்குள் வரவில்லை. மறுபடி ஏறி, கீழே போய், மேலே வந்தார். பிறகு உள்ளே வந்து அப்பாவின் அருகில் நின்றார்.

"உன் வீட்டு லிஃப்ட் உரசுதுடா" என்றார். "இதைக்கூடச் சரி பண்ணாம போயிட்ட."

பதில் வரவில்லை. அவர் அங்கேயே நின்றார். நாங்களும் யாரும் எதையும் தொடவில்லை. கடைசியில் மாமா வந்து குழி மாமாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

இப்போது குழி மாமா அப்பாவின் பழைய பதிவுகளில் கருத்து எழுதுகிறார். அப்பா மொத்தமாகப் போட்டதே கொஞ்சம்தான், எல்லாம் மோட்டார் படங்கள். "பிரேக் ட்ரம் பழசு" என்று அப்பா எழுதியிருப்பார். "நீ மட்டும் புதுசா?" என்று இவர் இப்போது கீழே எழுதுகிறார். மாமா அதற்குக் கோப முகம் போடுகிறார். நண்பர் ஒருவர் தொட்டால் பழைய பதிவு சில சமயம் மற்ற நண்பர்களுக்கு மேலே எழும்பி வரும். அது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கிறேன். காலையில் அலுவலகம் போகும் வழியில், செய்திகளுக்கும் விளம்பரங்களுக்கும் நடுவே, அப்பாவின் பெயர்.

அம்மா சொன்னார், "உனக்குத்தான் பட்டன் தெரியுமே. வராம பண்ணிடு."

தெரியும். மூலையில் இருக்கும் புள்ளிகள், இரண்டு தொடுதல்.

இன்று காலை வந்தது ஒரு மோட்டார். புகைப்படத்தின் ஓரத்தில் அப்பாவின் கட்டைவிரல், மங்கலாக. அமுக்கிப் பிடித்தேன். முகங்கள் எழும்பின. கோப முகத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதன் எடை இன்று எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அதனால் கீழே ஒரு கருத்தும் எழுதினேன்.

"எழுந்தது எத்தனை மணிக்கு?"